ஒரு லொறிச் சரக்கு, இரண்டு பேரேடுகள்: திருகோணமலைக் கரையில் கூட்டு முயற்சிக் கணக்கு

ஒரு சரக்கை வாங்கி விற்று முடிக்கும் வரை மட்டும் இரண்டு வியாபாரிகள் சேர்ந்துகொள்வதைக் கணக்கியல் கூட்டு முயற்சி என்கிறது. இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, நிரந்தர முதலும் கிடையாது. ஒருவர் சரக்கைத் திரட்டி அனுப்புகிறார். மற்றவர் சந்தையில் விற்கிறார். இருவருக்கும் சொந்தக் கடையும் சொந்தப் பேரேடும் ஏற்கெனவே இருக்கின்றன. சரக்கு விற்றுத் தீர்ந்ததும் இலாபமோ நட்டமோ பேசிய விகிதப்படி பிரிகிறது, கூட்டும் அத்துடன் முடிகிறது.

தரகுக்கு விற்றுக் கொடுப்பதிலிருந்து இது ஓர் இடத்தில் வேறுபடுகிறது. தரகுக்கு விற்பவருக்குச் சரக்கில் உரிமை இல்லை. விலை விழுந்தாலும் விற்ற தொகைக்கு அவருக்குத் தரகு உண்டு, நட்டம் முழுவதும் அனுப்பியவருடையது. கூட்டு முயற்சியில் விற்பவரும் சரக்கின் சொந்தக்காரர். விலை விழுந்தால் அவருடைய கையிலிருந்தும் போகும். இந்த வேறுபாட்டை முதலிலேயே தெளிவுபடுத்தாமல் சரக்கை ஏற்றிவிடுவதால்தான் பல தகராறுகள் எழுகின்றன. விற்றவர் நட்டம் வந்ததும் தாம் வெறும் தரகர் என்பார். இலாபம் வந்தால் பங்காளி என்பார்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கரையோரத்தில் இப்படிப்பட்ட கூட்டுக்கு இயல்பாகப் பொருந்தும் சரக்கு கருவாடு. கிழக்குக் கரையில் மீன்பிடிக்கு உகந்த காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் அப்போது இந்தக் கரைக்கு இடம்பெயர்ந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். உள்நாட்டிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று மீனை விரைவில் உலர்த்திவிடும். ஆனால் வாங்குபவர்கள் இங்கே இல்லை. மொத்தச் சந்தை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரத்தில், கொழும்புப் புறக்கோட்டையில் இருக்கிறது. கரையில் இருப்பவருக்கு மீனின் தரம் தெரியும். புறக்கோட்டையில் இருப்பவருக்கு அன்றைய விலையும் கடன் கொடுக்கத் தகுந்த சில்லறை வியாபாரிகள் யாரென்பதும் தெரியும். இருவரில் ஒருவர் மட்டும் இந்த வியாபாரத்தைச் செய்ய முயன்றால் தமக்குத் தெரியாத பாதியில் ஏமாறுவார்.

இந்தக் கூட்டுக்கென்று இலங்கை தனிச் சட்டம் இயற்றவில்லை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம், பங்குடைமை தொடர்பான வழக்குகளில் இங்கிலாந்தின் சட்டமே இங்கும் பொருந்தும் என்றது. அதனால் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் இலங்கை நீதிமன்றங்களிலும் செல்லுபடியாகிறது. ஒரே சரக்குக்காகச் சேர்ந்து இலாபம் பிரிக்கும் இருவரும் அச்சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் பங்காளிகளே. ஒரு தனி முயற்சிக்காக அமைந்த பங்குடைமை அந்த முயற்சி முடிந்ததும் கலைகிறது என்று அதன் 32ஆம் பிரிவு சொல்கிறது.

அச்சட்டத்தின் 24ஆம் பிரிவைக் கரையோர வியாபாரி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இருவரும் வேறுவிதமாக உடன்பட்டிராவிட்டால் இலாபமும் நட்டமும் சரிபாதி. ஒருவர் எவ்வளவு பணம் போட்டார், மற்றவர் எவ்வளவு உழைத்தார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உழைப்புக்குத் தனி ஊதியமும் இல்லை. பேசிய முதலுக்கு மேல் ஒருவர் போட்ட பணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உண்டு. ஆகவே விற்பவருக்குத் தரகு வேண்டுமானாலும், பணம் போட்டவருக்குக் கூடுதல் பங்கு வேண்டுமானாலும், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

பேசினால் மட்டும் போதாது. மோசடிகளைத் தடுப்பதற்கான 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், நூறு பவுணுக்கு மேற்பட்ட முதலுடைய பங்குடைமையை நிலைநாட்டும் உடன்பாடு எழுத்தில் இருந்து கையொப்பமும் பெற்றிருக்க வேண்டும் என்றது. அந்த நூறு பவுண் பிற்காலத்தில் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. இன்று ஒரு மூடைக் கருவாடே அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால், நடைமுறையில் கூட்டு முயற்சி எதுவும் இதற்கு விலக்கல்ல. எழுத்தில்லாதபோது பங்காளி என்று சொல்லி வழக்காட வருபவர் வாசலிலேயே தடுக்கப்படலாம். அதே பிரிவு ஒரு சிறு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. பங்காளிகளுக்கிடையே நடந்த கொடுக்கல்வாங்கல்கள், கணக்குத் தீர்த்தது ஆகியவற்றைப் பற்றிய வாய்மொழிச் சாட்சியம் இதனால் தடுக்கப்படாது என்கிறது. கூட்டு இருந்தது என்பதற்கு எழுத்து வேண்டும். கூட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பேரேடும் சிட்டைகளும் சாட்சியமும் உதவும். ஒரு தாளில் இரண்டு கையொப்பம் போடச் சோம்பி இலட்சக்கணக்கான ரூபாயைச் சட்டத்தின் காப்புக்கு வெளியே விடுவது வருந்தத்தக்கது.

கணக்கு எழுதும் முறைக்கு வருவோம். இந்த வகைக் கணக்கு மிகப் பழையது. லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலின் கணக்குப் பகுதியில், கடற்பயணம் ஒன்றுக்குத் தனிக் கணக்குத் திறக்கும் முறையை விளக்குகிறார். வியாபாரி தாமே சரக்குடன் போகும் பயணம், சரக்கைப் பிறர் கையில் ஒப்படைத்து அனுப்பும் பயணம் என்று இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். ஒரு பயணம், ஒரு சரக்கு, ஒரு கணக்கு என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை.

நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. சரக்கு பெரிதாக, பல மாதம் நீளுவதாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, முயற்சிக்கென்றே தனிப் புத்தகம் வைப்பார்கள். எல்லாப் பணமும் அந்த வங்கிக் கணக்கு வழியாகவே போய்வருவதால் அதில் குழப்பத்துக்கு இடம் குறைவு. ஒரு லொறிச் சரக்குக்கு அவ்வளவு ஏற்பாடு யாரும் செய்வதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பேரேட்டிலேயே மற்றவருடைய பெயரில் ஒரு பக்கம் திறந்து, தம் கையால் நடந்தவற்றை மட்டும் அதில் எழுதுவார்கள். அந்தப் பக்கத்தின் இடப்புறத்தில் தாம் கூட்டுக்காகக் கொடுத்தவை. வலப்புறத்தில் கூட்டின் பேரில் தம் கைக்கு வந்தவை. மற்றவர் செய்த செலவும் விற்பனையும் தம் பேரேட்டில் வருவதில்லை. முழுச் சித்திரம் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், முடிவில் இருவருடைய பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தனித்தாளில் ஒரு குறிப்புக் கணக்குப் போடப்படும். இலாபம் அங்கேதான் தெரியவரும்.

எடுத்துக்காட்டாக, கிண்ணியாவில் களஞ்சியம் வைத்திருக்கும் ஒரு வியாபாரியையும் புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரியையும் கொள்வோம். கிண்ணியா வியாபாரி ஆகஸ்டில் குச்சவெளிப் பக்கத்து வாடிகளில் 2,000 கிலோ சாளைக் கருவாட்டைக் கிலோ 700 ரூபாய்க்கு வாங்குகிறார். வாங்கிய விலை 14,00,000 ரூபாய். இருபது கிலோ மூடைகளாகக் கட்டுவதற்குச் சாக்கு, கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். புறக்கோட்டை வியாபாரி தொடக்கத்திலேயே 6,00,000 ரூபாய் அனுப்பி வைக்கிறார். இந்த விலைகள் கணக்கு எளிதாக நடக்க வைத்துக்கொண்ட வட்ட எண்கள். சந்தை விலை நாளுக்கு நாள் மாறும்.

உடன்பாட்டுத் தாளில் நான்கு விடயங்கள் எழுதப்பட்டன என்று கொள்வோம். இலாபமும் நட்டமும் கிண்ணியா வியாபாரிக்கு 3 பங்கு, புறக்கோட்டை வியாபாரிக்கு 2 பங்கு. வெளியாருக்கு விற்ற தொகையில் 3 விழுக்காடு புறக்கோட்டை வியாபாரிக்குத் தரகு. விற்காமல் மிஞ்சும் சரக்கை இருவரும் பேசிய விலைக்கு அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் வட்டி இல்லை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை இந்தச் சரக்கு பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. பாதை தாமதமானால் அதன் செலவை யார் ஏற்பது என்பதும் பேச வேண்டிய விடயமாக இருந்திருக்கும். இன்று லொறி நேரே பாலத்தைக் கடந்து கொழும்பு வீதியில் ஏறிவிடுகிறது. லொறிக் கூலி 60,000 ரூபாயைச் சரக்கு இறங்கும் இடத்தில் புறக்கோட்டை வியாபாரி கொடுக்கிறார். நாட்டாமைக் கூலி 10,000, களஞ்சிய வாடகை 15,000 ஆகியவையும் அவர் கையிலிருந்து போகின்றன. இறக்கி நிறுத்தபோது சரக்கு 1,960 கிலோ. 40 கிலோ உலர்ந்து குறைந்திருக்கிறது. அடுத்த வாரங்களில் அவர் 1,560 கிலோவைக் கிலோ 950 ரூபாய்க்கும், நிறம் மங்கிய 200 கிலோவைக் கிலோ 840 ரூபாய்க்கும் விற்கிறார். விற்பனை 16,50,000 ரூபாய். அதில் 3 விழுக்காடு தரகு 49,500 ரூபாய். மிஞ்சிய 200 கிலோவைக் கிலோ 800 ரூபாய்க்கு, அதாவது 1,60,000 ரூபாய்க்கு, அவரே எடுத்துக்கொள்கிறார்.

இருவரும் தத்தம் பக்கத்தை நகலெடுத்து மற்றவருக்கு அனுப்பியதும் குறிப்புக் கணக்கு இவ்வாறு அமைகிறது:

வாங்கிய விலை: 14,00,000
மூடை கட்டும் செலவு: 20,000
லொறி, நாட்டாமை, களஞ்சியம்: 85,000
தரகு: 49,500
மொத்தச் செலவு: 15,54,500

விற்பனை: 16,50,000
எடுத்துக்கொண்ட சரக்கு: 1,60,000
மொத்த வரவு: 18,10,000

இலாபம்: 2,55,500

ஐந்தில் மூன்று பங்காக 1,53,300 ரூபாய் கிண்ணியா வியாபாரிக்கு. ஐந்தில் இரண்டு பங்காக 1,02,200 ரூபாய் புறக்கோட்டை வியாபாரிக்கு. முன்பணமாகப் போன 6,00,000 ரூபாய் இந்தத் தாளில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இருவருக்கிடையே கைமாறிய பணம், கூட்டு முயற்சியின் செலவன்று. புதிதாகக் கணக்கெழுத வருபவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை அதைச் செலவாகச் சேர்த்துவிடுவதுதான். அப்படிச் சேர்த்தால் இந்த இலாபம் 3,44,500 ரூபாய் நட்டமாக மாறிக் காட்சி தரும்.

இனித் தனித்தனிப் பேரேடுகள். கிண்ணியா வியாபாரியின் பக்கத்தில் இடப்புறம் கருவாட்டு விலையும் கட்டும் செலவுமாக 14,20,000 ரூபாய் இருக்கிறது. அதனுடன் அவருடைய இலாபப் பங்கு 1,53,300 ரூபாய் சேர்ந்தால் 15,73,300. வலப்புறம் அவருக்கு வந்தது முன்பணம் 6,00,000 மட்டுமே. ஆகவே இன்னும் 9,73,300 ரூபாய் அவருக்கு வர வேண்டும். புறக்கோட்டை வியாபாரியின் பக்கத்தில் வலப்புறம் விற்பனையும் எடுத்துக்கொண்ட சரக்குமாக 18,10,000 ரூபாய். இடப்புறம் முன்பணம் 6,00,000, செலவுகள் 85,000, தரகு 49,500, இலாபப் பங்கு 1,02,200 எனக் கூட்டினால் 8,36,700. மீதி 9,73,300 ரூபாய் அவர் கொடுக்க வேண்டியது.

இரண்டு பேரேடுகளும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளால், ஒன்றை ஒன்று பாராமல் எழுதப்பட்டவை. அவை காட்டும் மீதிகள் ஒரே தொகையாக இருப்பதே இந்த முறையின் சோதனை. தொகைகள் வேறுபட்டால் வேறுபாட்டின் அளவே பெரும்பாலும் பிழையைக் காட்டிக்கொடுக்கும். குறிப்புத் தாளின்படி வர வேண்டிய 9,73,300க்குப் பதிலாகப் புறக்கோட்டைப் பேரேடு 8,13,300 என்று காட்டினால் வேறுபாடு 1,60,000. எடுத்துக்கொண்ட சரக்கை அவர் தம் பக்கத்தில் எழுத மறந்திருக்கிறார். ஆனால் ஒரு செலவு இரண்டு பேரேட்டிலும் ஏறாமலே போயிருந்தாலோ, ஒரு விற்பனை முழுவதாக மறைக்கப்பட்டிருந்தாலோ மீதிகள் அழகாகப் பொருந்தும். மறைந்த விற்பனையைப் பிடிக்க ரூபாய்க் கணக்கால் முடியாது, நிறைக் கணக்குத்தான் வேண்டும்.

நிறைக் கணக்கு எளிமையானது. வாங்கிய 2,000 கிலோவுக்கு எதிரே 1,560 கிலோ விற்பனை, 200 கிலோ மலிவு விற்பனை, 200 கிலோ எடுத்துக்கொண்டது, 40 கிலோ உலர்வு என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகிறது. இதில் ஏமாற்ற இடமுள்ள ஒரே வரி உலர்வு. விற்பவர் இரண்டு மூடையைக் கணக்கில் காட்டாமல் விற்றுவிட்டு உலர்வை 80 கிலோவாக எழுதினால், அதைக் கண்டுபிடிப்பவர் கருவாட்டை அறிந்தவராக இருக்க வேண்டும். கச்சான் காற்றில் நன்றாக உலர்ந்த சரக்கு வழியில் அதிகம் குறையாது. அரைகுறையாக உலர்த்தி அனுப்பியது குறையும். காலமும் முக்கியம். உப்பு, காற்றின் சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சத் தொடங்கும். வாடைக்காற்று மழை மாதங்களில் உப்புக் கருவாடு களஞ்சியத்தில் எடை கூடலாமே தவிர, பெரிதாகக் குறைவதற்கு வழியில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் உலர்வுக் குறைவு அதிகம் என்று எழுதி வரும் தாள் ஐயத்துக்குரியது. அதனால்தான் சரக்கை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நிறுத்து, லொறிச் சாரதி கையொப்பமிட்ட நிறைச் சீட்டை இரு தரப்பும் வைத்திருப்பது வழக்கமாக வேண்டும். கைபேசியில் எடுத்த படம் அதற்கு நல்ல துணை.

மிஞ்சிய சரக்கை எடுத்துக்கொள்ளும் விலையும் இதே போன்ற கூர்மையான இடம். விற்பவர் நல்ல மூடைகளைப் பின்னுக்கு ஒதுக்கி வைத்து, மிஞ்சியது என்று குறைந்த விலைக்கு எடுத்துத் தம் கடையில் மறுநாளே 950 ரூபாய்க்கு விற்கலாம். பங்குடைமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, மற்றப் பங்காளியின் ஒப்புதல் இல்லாமல் கூட்டுச் சொத்திலிருந்து ஒருவர் பெற்ற தனி ஆதாயத்துக்கு அவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். நியாயமான விலை எது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. வாங்கிய விலை, கட்டும் செலவு, லொறி, நாட்டாமைக் கூலி ஆகியவை சேர்ந்து 14,90,000 ரூபாய். அது புறக்கோட்டையில் இறங்கிய 1,960 கிலோவின் அடக்கம். கிலோவுக்கு ஏறத்தாழ 760 ரூபாய் ஆகிறது. இயல்பான உலர்வின் சுமையை எஞ்சிய நல்ல சரக்கு தாங்குகிறது. களஞ்சிய வாடகையும் தரகும் விற்பனைச் செலவுகள், அவை அடக்கத்தில் சேரா. இந்தச் சரக்கில் 800 ரூபாய் என்பது அடக்கத்துக்கு மேல், சந்தை விலைக்குக் கீழ். அடக்கத்துக்குக் கீழே ஒரு விலையை விற்பவர் கேட்டால், அதே நாளில் அதே தரத்துக்கு வெளியார் கொடுத்த விலைச் சிட்டையை அவர் காட்ட வேண்டும்.

இதே 760 ரூபாய்தான் ஆண்டு முடிவிலும் உதவுகிறது. பெரும்பாலான வியாபாரிகளின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. அன்று சரக்கில் ஒரு பகுதி விற்காமல் இருந்தால் அதை அடக்க விலைக்கு மதித்து, விற்ற பகுதியின் இலாபத்தை மட்டும் பிரித்து எழுதலாம். சந்தை விலை அடக்கத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தக் குறைந்த விலையை எடுக்க வேண்டும். வாடியில் கொடுத்த 700 ரூபாயை மட்டும் வைத்து மதித்தால், விற்காத சரக்கின் லொறிக் கூலியையும் விற்ற சரக்கே சுமந்து, இலாபம் குறைந்து தெரியும்.

கடனுக்கு விற்பதில் வரும் நட்டம் இன்னொரு கேள்வி. மலிவாகப் போன 200 கிலோவைக் கடனுக்கு எடுத்த சில்லறை வியாபாரி 50,000 ரூபாயைத் தராமலே போய்விட்டார் என்று வைப்போம். உடன்பாட்டில் வேறெதுவும் இல்லையென்றால் அது கூட்டின் நட்டம். இலாபம் 2,05,500 ரூபாயாகக் குறையும். கிண்ணியா வியாபாரி 30,000 ரூபாயையும் புறக்கோட்டை வியாபாரி 20,000 ரூபாயையும் இழப்பார்கள். கடைசியில் கைமாறும் தொகை 9,43,300 ஆகும். கடன் கொடுக்க முடிவுசெய்தவர் புறக்கோட்டையில் இருப்பவர். அவருடைய முடிவுக்காக, வாங்கியவரின் முகத்தையே காணாத கிண்ணியாக்காரர் கூடுதலாக இழப்பது முறையாகத் தோன்றாது. இதைத் தவிர்க்கவே சில உடன்பாடுகளில் விற்பவருக்குக் கூடுதல் தரகு கொடுத்து, வராக்கடனை முழுவதும் அவரே ஏற்கும்படி எழுதுகிறார்கள். தரகைக் கூட்டிக் கொடுக்க மனமில்லாதவர், ரொக்கத்துக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றாவது எழுதிக்கொள்ள வேண்டும்.

லொறி கவிழ்ந்தோ மழை புகுந்தோ மூடைகள் அழிவதும் உண்டு. தரகுக்கு அனுப்பிய சரக்கில் அப்படி நேர்ந்தால், இயல்பான உலர்விலிருந்து அதைப் பிரித்துத் தனி நட்டமாக எழுதுவார்கள். இல்லாவிட்டால் விற்பனையின் இலாபம் எவ்வளவு என்று தெரியாது. கூட்டு முயற்சியில் அந்த நட்டம் எப்படியும் இருவருக்கும் பிரிவதால், தனிப் பதிவு இல்லாமலே குறிப்புக் கணக்கில் இலாபம் குறைந்து அது பங்கிடப்பட்டுவிடும். ஒருவருடைய கவனக்குறைவால் அழிந்திருந்தால் மட்டும் அவருடைய பெயரில் கிலோ 760 ரூபாயாக எழுத வேண்டும். காப்புறுதிப் பணம் வந்தால் அது யார் கைக்கு வந்தாலும் கூட்டின் வரவே.

இனி, விகிதம் ஏன் 3க்கு 2 என்று அமைந்தது? கிண்ணியா வியாபாரி முன்பணம் போக 8,20,000 ரூபாயைத் தம் பையிலிருந்து சரக்கில் முடக்கி வைத்திருந்தார். அந்தப் பணத்துக்கு மாதம் 1 விழுக்காடு வட்டி என்று எழுதியிருந்தால் இரண்டு மாதத்துக்கு 16,400 ரூபாய் அவருக்குப் போகும். அது கூட்டின் செலவானதால் இலாபம் 2,39,100 ஆகக் குறைந்து, அவருடைய பங்கும் 1,43,460 ஆகும். வட்டியையும் பங்கையும் கூட்டினால் 1,59,860 ரூபாய். வட்டியில்லாத கணக்கைவிட 6,560 ரூபாய் மட்டுமே கூடுதல். வட்டியில் ஐந்தில் மூன்று பங்கை அவரே தமக்குக் கொடுத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. பெயரளவில் பெரிதாகத் தெரியும் வட்டி, உண்மையில் மற்றவரின் பங்கிலிருந்து எவ்வளவு நகர்த்துகிறது என்பதைப் பேசுவதற்கு முன் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

கிண்ணியா, மூதூர்க் கரைகளில் வியாபாரிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வட்டி அவர்களுக்கு ஆகாது. ஆகவே பணத்துக்கும் உழைப்புக்கும் உரிய ஊதியம் வட்டி வழியாக வராமல் இலாப விகிதத்தின் வழியாகவே வர வேண்டியிருக்கிறது. இஸ்லாமியச் சட்டம் கூட்டு முதலில் நடக்கும் வியாபாரத்தை முஷாரகா என்று வகுத்திருக்கிறது. அதில் நட்டம் அவரவர் போட்ட முதலின் விகிதத்திலேயே பிரிய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இலாப விகிதத்தில்தான் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனபி மத்ஹபு இலாப விகிதத்தை முதலின் விகிதத்திலிருந்து விலகிப் பேசிக்கொள்ள இடம் தருகிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபு, இலாபமும் முதலின் விகிதத்திலேயே அமைய வேண்டும் என்கிறது. மேலே கண்ட சரக்கில் 8,20,000க்கு எதிரே புறக்கோட்டை வியாபாரி போட்ட முன்பணமும் செலவுகளுமாக 6,85,000 ரூபாய் இருக்கிறது. 3க்கு 2 என்ற பிரிவு அந்த விகிதத்திலிருந்து சற்று விலகியே நிற்கிறது. மார்க்க நெறிப்படி நடக்க விரும்பும் இருவர், தொடக்கத்திலேயே முதலை 3க்கு 2 என்ற அளவில் போட்டுக்கொள்ள வேண்டும். மாறாக, சட்டத்தின் பார்வையில் பேசிய எந்த விகிதமும் செல்லும், பேசாதபோது சரிபாதி. ஒரே கூட்டை இரண்டு நெறிகளும் வெவ்வேறாகப் பார்ப்பதால், நட்டத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதைத் தனி வரியாக எழுதுவது இந்தக் கரையில் மிகவும் தேவையானது.

கணக்குத் தீர்க்கும் வரிசையைப் பங்குடைமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. முதலில் வெளியாருக்குக் கொடுக்க வேண்டியவை: வாடிக்காரருக்கு நிலுவை, லொறிக் கூலி, களஞ்சிய வாடகை. பிறகு முதலுக்கு மேல் பங்காளிகள் கொடுத்த முன்பணங்கள். அதன் பிறகு அவரவர் முதல். எஞ்சுவதே இலாபமாகப் பிரியும். இந்த வரிசை வெறும் சம்பிரதாயமன்று. பங்காளிகள் இருவரும் கூட்டின் கடன்களுக்குப் பொறுப்பானவர்கள். வாடிக்காரருக்குப் பணம் போகாமல் இலாபத்தைப் பிரித்துக்கொண்டால், அவர் கிண்ணியாக்காரரை மட்டுமன்றிப் புறக்கோட்டைக்காரரையும் கேட்கலாம்.

புறக்கோட்டை வியாபாரி 9,73,300 ரூபாயை வங்கி வழியாக அனுப்பியதும் இரண்டு பேரேடுகளிலும் அந்தப் பக்கம் சமப்பட்டு மூடப்படுகிறது. இலாபப் பங்கு அவரவர் இலாபநட்டக் கணக்குக்குப் போகிறது; தரகு விற்றவருடைய தனி வருமானமாகவும், எடுத்துக்கொண்ட 200 கிலோ அவருடைய கடைக் கொள்வனவாகவும் பதிவாகிறது. குறிப்புக் கணக்குத் தாளில் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வார்கள். வராக்கடனாகக் கழித்த தொகை பின்னொரு நாள் வசூலானால் அது அந்தப் பழைய கூட்டின் வரவாகவே கணக்கிடப்பட்டு, அதே 3க்கு 2 விகிதத்தில் பிரியும். அந்தப் பணம் யார் கடைக்கு வந்து சேர்ந்தாலும், இடையில் இருவரும் வேறு எத்தனை சரக்குகளுக்கு வேறு விகிதங்களில் சேர்ந்திருந்தாலும் அது மாறாது.